ஊசி முனை எங்கே நிற்கிறது? கைமா, கோழி, மீன், முட்டை வெந்ததா என்று தெர்மாமீட்டரில் பார்ப்பது எப்படி

ஓடிஜியில் சுட்ட கோழிக்காலை முதன்முதலாக விருந்துக்கு வைத்த அன்று, தோல் கருஞ்சிவப்பாகப் பொரிந்து, மசாலா ஓரமெல்லாம் லேசாகக் கருகி, பார்க்கவே அத்தனை நன்றாக இருந்தது. சித்தப்பா மூட்டுப் பக்கம் பிய்த்தார். உள்ளே ரப்பர் மாதிரி வழுவழுவென்று எலும்போடு ஒட்டிக்கொண்டு, பச்சைக்கறி. "இன்னும் கொஞ்சம் வேகணும்போல இருக்கேப்பா" என்று அவர் பக்குவமாகச் சொல்லித் தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தார். மறுவாரமே தெர்மாமீட்டர் வாங்கிவிட்டேன். வாங்கியும் இரண்டு மாசம் தப்பாகத்தான் குத்திக்கொண்டிருந்தேன், ஏனென்றால் அந்தக் கருவி "கறி வெந்ததா" என்ற கேள்விக்குப் பதில் சொல்வதே இல்லை. தன் ஊசி முனை எங்கே நிற்கிறதோ அந்த ஒரு இடத்தின் சூட்டை மட்டும்தான் அது சொல்லும். கறியிலேயே கடைசியாகச் சூடேறும் இடம் எது என்று கண்டுபிடித்து முனையை அங்கே கொண்டுபோய் வைப்பது நம் வேலை. அந்த இடம் கைமாவுக்கு ஒன்று, கோழிக்கு ஒன்று, மீனுக்கு ஒன்று, முட்டைக்கு வேறொன்று.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் வீட்டில் செய்கிற குழம்பு, சால்னா, குக்கரில் மூன்று விசில் விட்ட கறி இதற்கெல்லாம் தெர்மாமீட்டர் தேவையே இல்லை. சிறு துண்டுகளாக வெட்டின கறி கொதிக்கிற குழம்பில் இருபது நிமிடம் கிடந்தால் தேவையான சூட்டைத் தாண்டிப் போயிருக்கும். குக்கருக்குள் 100 டிகிரிக்கும் மேலே. கருவி வேண்டியது தண்ணீர் இல்லாமல் வேகிற சமாச்சாரங்களுக்கு: ஓடிஜி, ஏர் ஃப்ரையர், கரி அடுப்பு, தோசைக்கல்லில் போடுகிற கட்லெட், எண்ணெயில் பொரிக்கிற பெரிய துண்டு. இவற்றில் வெளியே 150 டிகிரியைத் தாண்டிச் சிவந்துவிடும், நடுவே இன்னும் 50 டிகிரிகூட ஆகியிருக்காது.

நிறம் பார்த்துச் சொல்லிவிடலாமே என்று நினைப்பீர்கள். நம் சமையலில் அது இன்னும் மோசம், ஏனென்றால் மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் ஊறின கறியில் வெந்த நிறம் எது, வேகாத நிறம் எது என்று கண்ணுக்குப் பிடிபடாது. மசாலா இல்லாவிட்டாலும் இதே கதைதான். அமெரிக்க விவசாயத் துறை ஹாம்பர்கர் பற்றிச் சொல்கிற கணக்கு, நாலில் ஒன்று பாதுகாப்பான சூட்டை எட்டும் முன்பே உள்ளே பழுப்பாகிவிடுகிறது என்பது. கோழியில் நேர் எதிர். நன்றாக வெந்த பிராய்லர் காலிலும் எலும்பை ஒட்டி இளஞ்சிவப்பு தெரியும், இளங்கோழியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து கசிகிற நிறம் அது. ஆக பழுப்பாக இருந்தால் வெந்தது என்றும் சொல்ல முடியாது, சிவப்பாக இருந்தால் வேகவில்லை என்றும் சொல்ல முடியாது.

சரி, எண்கள். இதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள், எல்லாம் செல்சியஸ்:

கைமா (ஆடு, மாடு, பன்றி) – 71
கோழி, வாத்து, காடை, கோழிக் கைமாவும் சேர்த்து – 74
மீன் – 63
முட்டை சேர்த்த பதார்த்தங்கள் – 71

இவை அமெரிக்க அரசு சொல்லும் எண்கள். பிரிட்டனில் இருக்கும் சொந்தக்காரரிடம் கேட்டால் "70 டிகிரி, 2 நிமிடம்" என்பார். இரண்டில் எது சரி என்று குழம்ப வேண்டாம், இரண்டும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன. கிருமி சாவது சூட்டால் மட்டும் இல்லை, அந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் இருந்தது என்பதும் சேர்ந்துதான். 70 டிகிரியில் 2 நிமிடத்தில் நடப்பது 65-ல் 10 நிமிடம் எடுக்கும், 60-ல் 45 நிமிடம் எடுக்கும். 74 என்பது "தொட்டால் போதும், கடிகாரம் பார்க்க வேண்டாம்" என்கிற எண். புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு அதுதான் சௌகரியம். அடுப்பை அணைத்துவிட்டு 70-ல் இரண்டு நிமிடம் நின்றதா என்று ஸ்டாப்வாட்ச் பிடிப்பதெல்லாம் பழகின பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கருவி வாங்கும்போது

மெல்லிய ஊசி, மேலே சின்ன டிஜிட்டல் திரை, இதுதான் வேண்டும். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. ஊசி எவ்வளவு மெல்லிசாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. கடிகார முள் மாதிரி வட்ட முகம் வைத்த பழைய வகையை வாங்காதீர்கள், அது முனையில் மட்டும் சூட்டை உணர்வதில்லை, முனையிலிருந்து ஐந்தாறு சென்டிமீட்டர் நீளத்துக்கு இருக்கிற சூட்டையெல்லாம் கலந்து ஒரு எண்ணாகக் காட்டும். முழுக்கோழியின் தொடைக்கு அது சரிப்படும், இரண்டு சென்டிமீட்டர் கனமுள்ள கட்லெட்டுக்கு என்ன செய்வது? துப்பாக்கி மாதிரி சிவப்பு ஒளி அடிக்கிற கருவியும் இதற்கு ஆகாது, அது மேல்தோலின் சூட்டை மட்டும் சொல்லும். காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் 42, 43 டிகிரியோடு நின்றுவிடும், கறிக்குள் விட்டால் கருவிதான் பாழாகும்.

கையில் வந்ததும் முதல் வேலை, °C/°F பொத்தானைப் பார்ப்பது. என்னுடையதில் பேட்டரி மாற்றினால் தானாகவே ஃபாரன்ஹீட்டுக்குப் போய்விடும். ஒருமுறை தோசைக்கல்லில் கட்லெட் போட்டு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, குத்திப் பார்த்தால் திரையில் 74. "அட, இவ்வளவு சீக்கிரமா" என்று சந்தோஷப்பட்டுத் தட்டில் எடுத்து வைக்கப் போனேன். 74 ஃபாரன்ஹீட் என்றால் வெறும் 23 செல்சியஸ், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கறிக்குச் சும்மா குளிர் விட்டிருக்கிறது, அவ்வளவுதான். அதிலிருந்து ஒரு பழக்கம் வந்துவிட்டது: கறியில் குத்தும் முன் கருவியை ஆன் செய்து, காற்றில் பிடித்தபடியே ஒரு தரம் திரையைப் பார்ப்பேன். சென்னை வெயிலுக்கு 30-ஐ ஒட்டிக் காட்டினால் செல்சியஸ். 86, 90 என்று காட்டினால் பொத்தானை அழுத்த வேண்டும்.

அடுத்து, கருவி சரியாகக் காட்டுகிறதா என்று சோதிக்க வேண்டும். ஒரு டம்ளர் நிறைய ஐஸை உடைத்துப் போட்டு, இடுக்கெல்லாம் நிரம்பும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். ஐஸ்தான் அதிகமாக இருக்க வேண்டும், தண்ணீரில் நாலு கட்டி மிதந்தால் போதாது. நன்றாகக் கலக்கி இரண்டு மூன்று நிமிடம் விட்டு, முனை அடியிலோ பக்கச் சுவரிலோ படாமல் நடுவில் பிடியுங்கள். எண் ஓடுவது நிற்கும்வரை பொறுக்க வேண்டும், மலிவான கருவிகளுக்குப் பத்து பதினைந்து வினாடி பிடிக்கும். 0 காட்டினால் நல்லது, ஒன்று கூடக் குறைய இருந்தால் பாதகமில்லை. என்னுடையது 1 காட்டுகிறது, ஆகவே ஒரு துண்டு டேப்பில் "1 கழி" என்று எழுதிப் பின்பக்கம் ஒட்டியிருக்கிறேன். மூன்று நாலு டிகிரி தள்ளிக் காட்டினால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

கொதிக்கிற தண்ணீரிலும் சோதிக்கலாம், சென்னையில் 100 காட்ட வேண்டும். ஆனால் பெங்களூரில் இருக்கிறவர்கள் 97 காட்டுகிறதே என்று கருவியைத் திட்ட வேண்டாம், அங்கே தண்ணீர் அந்தச் சூட்டில்தான் கொதிக்கும். ஊட்டியில் 92, 93-லேயே கொதித்துவிடும். அதனால்தான் ஐஸ் தண்ணீரைச் சொன்னேன், அது எந்த ஊரிலும் 0.

குத்துவது எப்படி

எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு வித்தை உண்டு. முனையை நடு என்று நினைக்கிற இடத்தைத் தாண்டிக் கொஞ்சம் ஆழமாகவே குத்துங்கள், அப்புறம் மெல்ல மெல்ல வெளியே இழுத்துக்கொண்டே திரையைப் பாருங்கள். எண் இறங்கும், ஒரு இடத்தில் நிற்கும், பிறகு ஏறத் தொடங்கும். இறங்கி நின்ற அந்த எண்தான் உங்களுக்கு வேண்டியது. நிதானமாக இழுக்க வேண்டும், ஏனென்றால் கருவி மெதுவானது, நீங்கள் வேகமாக இழுத்தால் அது பின்தங்கிப் பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். ஒரு இடத்தில் பார்த்த பிறகு வேறொரு பக்கத்திலிருந்தும் குத்துங்கள். இரண்டில் எது குறைவோ அதை நம்புங்கள். ஆரம்பத்தில் நான் செய்த தப்பு இதற்கு நேர் எதிர்: நாலு இடம் குத்துவேன், எங்கேயாவது 74 வந்துவிட்டால் திருப்தியாக அடுப்பை அணைத்துவிடுவேன்.

முனை எலும்பில் முட்டக்கூடாது. முட்டினால் கறியின் சூடு தெரியாது, எலும்பின் சூடுதான் வரும். கையில் "டக்"கென்று தட்டுப்படும், உடனே அரை சென்டிமீட்டர் பின்னால் இழுத்துக்கொள்ளுங்கள். பாத்திரத்தின் அடியும் அப்படித்தான்.

கைமா

முழுத்துண்டுக் கறியில் கிருமி பெரும்பாலும் மேல்பரப்பில்தான் இருக்கும், மேலே நன்றாகச் சுட்டாலே பெரும்பகுதி செத்துவிடும். வெளிநாட்டில் ஸ்டேக்கை உள்ளே சிவப்பாகவே சாப்பிடுவது இந்தத் தைரியத்தில்தான். கைமா ஆக்கினதும் கதை மாறுகிறது, மேலே இருந்ததெல்லாம் நடுவுக்கு வந்துவிடுகிறது. போதாததற்குக் கறிக்கடை மெஷினில் உங்களுக்கு முன்னால் அரைத்தவருடைய கறி கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். 1993-இல் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் சரியாக வேகாத ஹாம்பர்கர் சாப்பிட்டு 700 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள், நாலு குழந்தைகள் இறந்தார்கள். காரணம் ஈ.கோலை கிருமியின் கொடிய வகை ஒன்று. அது மாட்டுக் குடலில் வாழ்வது, ஆட்டிலும் இருக்கும்.

கட்லெட்டை எடுத்துக்கொள்வோம். மேலிருந்து நேராகக் குத்தினால் முனை ஒரு கணத்தில் மறுபக்கம் போய்க் கல்லைத் தொட்டுவிடும், 90, 100 என்று காட்டும், நீங்களும் வெந்துவிட்டது என்று நம்புவீர்கள். இடுக்கியால் கட்லெட்டைக் கல்லிலிருந்து தூக்கிப் பிடித்து, பக்கவாட்டில், அதன் ஓரத்திலிருந்து நடுவுக்குத் தரைக்கு இணையாக ஊசியை விடுங்கள். குறைந்தது மூன்று சென்டிமீட்டராவது உள்ளே போக வேண்டும். 71 வந்தால் சரி. எட்டுக் கட்லெட் போட்டிருந்தால் எட்டையும் குத்த வேண்டியதில்லை. கனமாகத் தட்டினது எது, கல்லின் ஓரத்தில் தீ குறைவாகப் பட்டது எது என்று உங்களுக்கே தெரியும், அந்த இரண்டைப் பாருங்கள்.

கோலா உருண்டையில் ஒரு நுணுக்கம். கைமாவை முதலிலேயே வதக்கி வேகவைத்து அரைத்து உருட்டுகிற வீடுகளில் கவலை குறைவு, எண்ணெய் அங்கே மொறுமொறுப்புக்குத்தான், முட்டை சேர்க்கிறீர்கள் என்றால் மட்டும் நடுவைப் பார்க்க வேண்டும். பச்சைக்கறியையே தேங்காய், பொட்டுக்கடலையோடு அரைத்து உருட்டுகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். ஒரு உருண்டையை ஜல்லிக்கரண்டியில் எடுத்து, எண்ணெய் வடியவிட்டு, முனையை நட்டநடுவில் நிறுத்துங்கள். எண்ணெய் அதிகம் காய்ந்திருந்தால் இரண்டு நிமிடத்திலேயே வெளியே கருஞ்சிவப்பாகிவிடும், உள்ளே 55 தான் இருக்கும். அப்படி வந்தால் தீயைக் குறைத்து அடுத்த ஈடு போடுங்கள். முதல் ஈட்டைக் கடைசியில் மறுபடி போட்டு எடுக்கலாம்.

உதிரியாக வதக்குகிற கொத்துக்கறிக்கு ஊசி எங்கே குத்துவது? அகப்பையால் எல்லாவற்றையும் ஒரு பக்கமாக ஒதுக்கிக் குவியலாக்கி, குவியலின் நடுவில் விடுங்கள். நேர்மையாகச் சொன்னால் தக்காளி போட்டு மூடி வைத்து வேகவிட்ட கொத்துக்கறிக்கு இது அநாவசியம்.

கோழி

கோழிக்கு 74. சால்மொனெல்லா, கேம்பிலோபாக்டர் என்ற இரண்டு கிருமிகளும் கடையில் வாங்குகிற பச்சைக்கோழியில் இருப்பது சாதாரணம். (குழாயடியில் வைத்துக் கழுவினால் போகும் என்று நினைத்து நாம் செய்வது, அந்தத் தண்ணீரைப் பக்கத்தில் இருக்கிற தக்காளி மேலெல்லாம் தெறிக்க விடுவதுதான். அம்மாவிடம் இதைச் சொல்லி ஜெயிக்க முடியவில்லை.)

சித்தப்பா கதைக்கு அப்புறம் அதே சமையலைக் கருவியோடு செய்தேன், அதை அப்படியே சொல்கிறேன். தொடையோடு சேர்ந்த நாலு முழுக்கால்கள், ஒவ்வொன்றும் கால் கிலோவுக்குக் கொஞ்சம் கூட. தயிர் மசாலாவில் இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் ஊறினது. ஓடிஜி 200 டிகிரியில் முன்கூட்டியே சூடாக்கினது. 25 நிமிடத்தில் பார்த்தால் பழைய அழகு அப்படியே வந்துவிட்டது, தோல் சிவந்து எண்ணெய் பொங்குகிறது. அன்று நான் எடுத்து வைத்தது இந்த நேரத்தில்தான். தொடையின் தடித்த பகுதியில், எலும்புக்கு உள்பக்கமாக, எலும்பைத் தொடாமல் குத்தினேன்: 61. காலும் தொடையும் சேர்கிற மூட்டுக்குப் பக்கத்தில்: 56. சித்தப்பா பிய்த்தது சரியாக அந்த இடம்.

35 நிமிடத்தில் தொடை 73, மூட்டுப் பக்கம் 68. இங்கேதான் கை பரபரக்கும், "ஒரு டிகிரிதானே" என்று தோன்றும், ஆனால் குறைந்த எண்தான் கணக்கு, குறைந்தது 68. கதவைச் சாத்தினேன். 43 நிமிடத்தில் முன்வரிசை இரண்டு காலும் மூட்டுப் பக்கம் 77. எடுக்கலாம் என்று நினைத்தபோது சந்தேகத்துக்குப் பின்வரிசையில் இடது மூலைக் காலைக் குத்தினால் 70. என் ஓடிஜியில் அந்த மூலைக்குச் சூடு சரியாகப் போகாது என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. தட்டைத் திருப்பி வைத்து இன்னும் ஆறு நிமிடம் விட்டேன், எல்லாம் 78-க்கு மேல். என் கருவி ஒரு டிகிரி கூட்டிக் காட்டும் என்பதையும் கழித்தாயிற்று.

கூட வெந்து காய்ந்து போய்விட்டதா என்றால், இல்லை. 74 பாதுகாப்புக்கான எல்லை, ருசிக்கான எல்லை இல்லை. கால், தொடைக்கறி 80, 85 போனால்தான் உள்ளே இருக்கிற ஜவ்வு இளகிப் பஞ்சு மாதிரி பிய்யும். நெஞ்சுக்கறிதான் 74-ஐத் தாண்டத் தாண்டச் சக்கையாகும். ஆகவே முழுக்கோழி சுடுகிறவர்கள் இரண்டு இடத்தையும் பார்க்க வேண்டும், தொடையின் உள்பக்கம் ஒன்று, நெஞ்சின் தடித்த பகுதி ஒன்று. உள்ளே முட்டை, சாதம் என்று ஏதாவது அடைத்திருந்தால் அந்த அடைப்பின் நடுவும் 74 வர வேண்டும், அதுதான் எல்லாவற்றிலும் கடைசியாகச் சூடேறும். முழுக்கோழியை வெளியே எடுத்து வைத்த பிறகும் உள்ளே இரண்டு மூன்று டிகிரி ஏறும் என்பது உண்மைதான், அதை நம்பி 70-ல் எடுக்கிற வேலை புதியவர்களுக்கு வேண்டாம். சின்னத் துண்டுகள் ஏறாது, ஆறத்தான் செய்யும்.

ஃப்ரீசரிலிருந்து எடுத்த கோழி என்றால் ஒரு அடையாளம் உண்டு. வெளியே சிவந்துவிட்டது, ஊசியை விட்டால் நடுவில் 15, 20 என்று காட்டுகிறது, சில சமயம் முனை கடக்கென்று எதிலோ இடிக்கிறது. உள்ளே ஐஸ். தீயைக் கூட்டாதீர்கள், குறையுங்கள். மேலே கருகாமல் ஒரு அலுமினியத் தாளால் மூடி மெதுவாக விடுங்கள். அடுத்த முறை முந்தின நாளே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இறக்கி வைத்துவிடுங்கள்.

மீன்

மீனுக்கு 63. சதை மென்மையானது, கோழி மாதிரி 74 வரை விட்டால் வஞ்சிரம்கூட மரத்தூள்தான். துண்டு வஞ்சிரத்தில் நடு எலும்பை ஒட்டின சதைதான் கடைசியாக வேகும். இங்கேயும் மேலிருந்து குத்தாதீர்கள், துண்டின் முதுகுப்பக்க ஓரத்திலிருந்து நடு எலும்பை நோக்கி ஊசியை விட்டு, தட்டுப்பட்டதும் பின்னால் இழுங்கள். வெந்திருந்தால் ஊசி வெண்ணெயில் போவதுபோல் போகும், கண்ணாடி மாதிரி இருந்த சதை வெள்ளையாகி, முட்கரண்டியால் தொட்டால் ஏடு ஏடாகப் பிரியும். மீனில் மட்டும் இந்தக் கண் அடையாளத்தை நான் நம்புகிறேன். நெத்திலி, மத்திக்கெல்லாம் கருவியை எடுக்கவே மாட்டேன், ஊசியே மீனளவு இருக்கும். முழுசாகச் சுடுகிற சங்கரா, கொடுவா என்றால் தலைக்குப் பின்னால் முதுகின் தடித்த இடத்தில் பார்ப்பேன்.

ஆனால் மீனில் கருவியால் ஆகாத ஒன்று இருக்கிறது. சூரை, அயிலை, மத்தி மாதிரி மீன்களை வெயிலில் ஐஸ் இல்லாமல் போட்டு வைத்தால் சதையில் ஹிஸ்டமின் சேரும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து தடிப்புத் தடிப்பாக வரும், நாக்கில் காரமாகச் சுருக்கென்று இருக்கும். அதை 63 இல்லை, 100 டிகிரியில் கொதிக்க வைத்தாலும் போகாது. அதே மாதிரி மதியம் முழுக்க வெளியே கிடந்த கறியில் சில கிருமிகள் நஞ்சை விட்டுவிட்டால், கிருமி சாகும், நஞ்சு அப்படியே நிற்கும். கெட்ட சரக்கை 74 காட்டி நல்ல சரக்காக்க முடியாது.

முட்டை

அவித்த முட்டைக்குள் ஊசியை எப்படி விடுவது என்று கேட்காதீர்கள். மஞ்சள் கருவும் கெட்டியாகிவிட்டால் 71-ஐ ஒட்டி வந்துவிட்டது என்று பொருள். கொதிக்கிற தண்ணீரில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும். வெள்ளை 62, 63-லேயே கெட்டியாகத் தொடங்கிவிடும், மஞ்சள் 65-க்கு மேல்தான். ஆக ஆஃப்பாயிலில் மஞ்சள் ஓடுகிறது என்றால் அது 71-ஐ எட்டவில்லை, இதற்குக் கருவி எதற்கு? மதுரைக் கலக்கியும் அப்படியே. நான் கலக்கி சாப்பிடுகிறவன், அதை விடப்போவதும் இல்லை. ஆனால் சால்மொனெல்லா உடையாத முட்டைக்குள்ளேயும் இருக்கலாம் என்பதால் குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள், கீமோ மாதிரி சிகிச்சையில் இருப்பவர்கள் தட்டில் அது வேண்டாம். பச்சை முட்டை மயோனைஸை 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு ஓராண்டுக்குத் தடை செய்ததும் இதே கிருமிகளை நினைத்துத்தான்.

கருவி முட்டையில் உண்மையாகவே கைகொடுப்பது கனமான ஆம்லெட்டிலும் கேரமல் புடிங்கிலும்தான். நாலு முட்டை அடித்து வெங்காயம், உருளைக்கிழங்கு போட்டு ஊற்றின தடி ஆம்லெட்டில் பக்கவாட்டில் நடுவுக்கு விடுங்கள், மடித்த ஆம்லெட் என்றால் மடிப்புக்குள் விடுங்கள். 71.

புடிங்கைப் பொறுத்தவரை எனக்கு இது பாதுகாப்பைவிட மானம் காத்த சமாச்சாரம். இட்லிப் பானையில் வைத்து ஆவியில் வேகவைக்கிறபோது ஓரம் முதலில் கெட்டியாகும், நடு ஆடிக்கொண்டே இருக்கும். கிண்ணத்தின் நட்டநடுவில், அடியைத் தொடாமல் பாதி ஆழத்தில் முனையை நிறுத்துங்கள். 71 பாதுகாப்புக்குப் போதும், ஆனால் பால் கலந்திருப்பதால் நன்றாக உறைய 77, 78 வர வேண்டும். 85-ஐத் தாண்டினால் திரிந்து உள்ளே ஓட்டை ஓட்டையாகித் தண்ணீர் விடும். முன்பெல்லாம் பல்குச்சி குத்திப் பார்த்து, ஒட்டுகிறது ஒட்டுகிறது என்று விட்டு விட்டு எனக்கு எப்போதும் ஓட்டை விழுந்த புடிங்தான் வரும். இப்போது 78-ல் அடுப்பை அணைத்து மூடியைத் திறந்துவிடுகிறேன். குத்தின இடத்தில் சின்னத் துளை விழும், கவிழ்த்தால் அது அடியில் போய்விடும்.

கழுவுவது

56 காட்டின கோழியில் குத்தின ஊசியில் உயிரோடு இருக்கிற கிருமி ஒட்டியிருக்கிறது. அதை அப்படியே அடுத்த தடவை வெந்த கோழியில் விட்டால் நாமே உள்ளே கொண்டுபோய் வைத்த மாதிரி. ஒவ்வொரு குத்துக்கும் நடுவில் சோப்பும் சூடான தண்ணீரும் போட்டு ஊசியை மட்டும் கழுவித் துடையுங்கள், திரை இருக்கிற தலைப்பகுதியில் தண்ணீர் இறங்கினால் கருவி போய்விடும். ஓடிஜி பக்கத்தில் நிற்கும்போது ஒவ்வொரு தடவையும் சிங்குக்கு ஓட முடியாது, அதற்காக மருந்துக்கடையில் விற்கிற ஸ்பிரிட் துடைப்பான் பாக்கெட் ஒன்றை மசாலா டப்பா பக்கத்தில் வைத்திருக்கிறேன்; கறியைத் துணியால் வழித்துவிட்டு அதால் துடைத்தால் வேலை முடிந்தது. ஊசியோடு வருகிற பிளாஸ்டிக் உறையையும் கழுவுங்கள். ஆறு மாதம் அதைக் கவனிக்காமல் இருந்துவிட்டு ஒருநாள் வெளிச்சத்தில் பார்த்தேன், அடியில் பழைய மசாலா கறுப்பாகப் படிந்திருந்தது.